ஏழும் இருபத்தைந்தும் ஒரே பாதை!

ஜூன் மாதத்து மதியம், மணி ஒன்று பத்து. பரங்கிமலை உச்சியில் மதிலோரம் கிடைத்த முழ நிழலில் ஒண்டிக்கொண்டு நிற்கிறேன். மேற்கிலிருந்து அடிக்கிற காற்று அடுப்பு வாயைத் திறந்து வைத்தது மாதிரி இருக்கிறது. ஆனால் கீழே பார்த்தால் வெயிலெல்லாம் மறந்துபோகிறது. மீனம்பாக்கம் விமான நிலையம் முழுசாகத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தது போலக் கிடக்கிறது. அதன் பெரிய ஓடுபாதையின் ஒரு முனை இந்த மலைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கடல் பக்கமிருந்து, ஊருக்கு மேலாக வருகிற ஒவ்வொரு விமானமும் எனக்கு இடப்பக்கத்தில், ஏறக்குறைய என் கண்மட்டத்தில் கடக்கிறது. ஜன்னல்களை எண்ணலாம். சக்கரத்தைப் பார்க்கலாம். அடுத்த சில வினாடிகளில் அந்தச் சக்கரத்தடியில் புகை தெரியும், விமானம் மேற்கு நோக்கி ஓடி நிற்கும்.

நான் வந்தது அதைப் பார்க்க மட்டும் இல்லை. இன்று மதியம் இந்த ஓடுபாதை திரும்பப் போகிறது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்!

கூட்டிவந்தவர் விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்றார். "இப்ப ரன்வே டூ ஃபைவ் ஓடுதும்மா. இன்னும் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம். அதே ரன்வே ஜீரோ செவன் ஆயிடும். அதுவரைக்கும் அந்த மரத்தைப் பார்த்துட்டே இருங்க" என்று சரிவில் நின்ற ஒரு வேப்பமரத்தைக் காட்டினார்.

ஒரே பாதைக்கு எப்படி இரண்டு எண்? இத்தனை நாளும் ஓடுபாதை எண் என்றால் தெருவில் கதவு எண் போட்ட மாதிரி, முதலாவது கட்டினது, இரண்டாவது கட்டினது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியானால் சென்னையில் இருபத்தைந்து ஓடுபாதை இருக்க வேண்டும்! இருப்பதோ இரண்டுதான். அந்த எண் திசைகாட்டியில் இருந்து வருகிறது என்று சார் சொன்னபோது எனக்கு மளமளவென்று பல விஷயங்கள் விளங்கின.

திசைகாட்டியில் வடக்கில் தொடங்கி வலப்பக்கமாகச் சுற்றினால் கிழக்கு 90 டிகிரி, தெற்கு 180, மேற்கு 270, மறுபடி வடக்கு 360. ஓடுபாதை எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்த டிகிரியைப் பக்கத்துப் பத்துக்கு முழுமையாக்கி, கடைசிச் சுழியை உதிர்த்துவிட வேண்டும். மீதி இருப்பதுதான் எண். சென்னையின் பெரிய ஓடுபாதையில் மேற்கு முனையில் நின்று கடல் பக்கம் பார்த்தால் திசைகாட்டி ஏறத்தாழ 70 காட்டும். சுழியை எடுத்தால் 7, இரண்டு இலக்கமாக எழுத 07. மலைப்பக்க முனையில் நின்று மேற்கே பார்த்தால் 250, அதாவது 25. நேர் எதிர்த்திசை என்பதால் இரண்டு எண்ணுக்கும் நடுவே எப்போதும் 18 வித்தியாசம் இருக்கும். உலகத்தில் எந்த ஓடுபாதையை எடுத்தாலும் ஒரு முனை தெரிந்தால் மறுமுனையை மனசிலேயே கணக்குப் போட்டுவிடலாம். நேர் வடக்கு மட்டும் 00 ஆகாது, 36 என்றே எழுதுவார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம், எண்ணை எழுதுகிற விதம்தான். குறைந்தது 9 மீட்டர் உயரம், மூன்று மாடி வீட்டைப் படுக்கவைத்த அளவுக்கு வெள்ளை எழுத்து. இறங்கிவருகிற விமானிக்கு நேராகத் தெரியும்படி எழுதியிருப்பார்கள். மலைப்பக்க முனையில் எழுதியிருக்கிற 25 என்பது அந்த இடத்தின் பெயர் இல்லை. "என்மேல் இறங்குகிறாய் என்றால் உன் திசைகாட்டி 250-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், சரிபார்த்துக்கொள்" என்று தரை விமானியிடம் சொல்கிற வார்த்தை அது. கிளம்புகிறவர்களும் இதே சோதனையைச் செய்கிறார்கள். பாதையில் ஏறி நேராக நின்றவுடன் எதிரே வரைந்திருக்கிற எண்ணையும் தன் முன்னால் இருக்கிற திசைகாட்டியையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போனால்தான் வேகம் கொடுப்பார்கள். இரண்டு ஓடுபாதை ஒன்றையொன்று வெட்டுகிற சென்னை மாதிரி இடத்தில், இருட்டில், மழையில், தப்பான பாதையில் ஏறிவிட்டோமா என்பதைக் காட்டிக்கொடுக்கிற ஒரு நொடிச் சோதனை!

அந்த இரண்டாவது பாதையின் எண் 12, மறுமுனை 30. அதன் ஒரு பகுதி அடையாற்றுக்கு மேலே பாலமாக நிற்கிறது. கீழே ஆறு, மேலே விமானம். அதைப் பார்க்கத் தனியாக ஒருநாள் வரவேண்டும்.

"அப்ப ஒரே திசையில ரெண்டு ரன்வே பக்கத்துல பக்கத்துல இருந்தா?" என்றேன். இறங்குகிறவரின் கைப்பக்கத்தை வைத்து இடது, வலது என்று எழுத்துச் சேர்ப்பார்களாம். மூன்று இருந்தால் நடு என்று ஒன்று. லாஸ் ஏஞ்சலிஸில் நான்கு இணைபாதை இருக்கின்றன. ஒரே எண் கொடுத்தால் குழப்பம் என்று ஒரு ஜோடிக்கு 25-ம், இன்னொரு ஜோடிக்கு 24-ம் கொடுத்திருக்கிறார்கள். நான்கும் ஒரே திசையைத்தான் பார்க்கின்றன. குழப்பத்தைத் தவிர்க்க ஒரு ஜோடியின் எண்ணைப் பத்து டிகிரி தள்ளி எழுதிவிட்டார்கள்!

இதற்குள் இன்னொரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. திசைகாட்டியின் முள் காட்டுகிற வடக்கு, வரைபடத்தில் இருக்கிற வடக்கு அல்ல. பூமியின் காந்த வடதுருவம் ஆர்க்டிக்கில் வேறொரு இடத்தில் இருக்கிறது, அதுவும் இருக்கிற இடத்தில் இருப்பதில்லை. 1831-ல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் முதன்முதலாக அதைக் கண்டபோது அது வட கனடாவில் இருந்தது. அதன்பிறகு நகர்ந்து நகர்ந்து இப்போது சைபீரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. முள் நகர்ந்தால் ஓடுபாதையின் டிகிரியும் மாறும். 64 டிகிரியாக இருந்தது மெல்ல மெல்ல 66 ஆகிவிட்டால், முழுமையாக்கும்போது 06 என்பது 07 ஆகிவிடும். பாதை அங்குலம்கூட அசையவில்லை, பெயர் மட்டும் மாறிவிட்டது! அமெரிக்காவின் டாம்பா விமான நிலையம் 2011 ஜனவரியில் இப்படித்தான் எண்ணை அழித்து எழுதியது. ஜெனீவா 2018 செப்டம்பரில் 05-ஐ 04 ஆகவும், 23-ஐ 22 ஆகவும் மாற்றியது.

பெயிண்ட் டப்பாவோடு முடிகிற வேலை இல்லை அது. பாதையோரப் பலகைகள், வரைபடங்கள், விமானக் கணினிகளின் தகவல் தொகுப்பு எல்லாம் ஒரே நாளில் மாறியாக வேண்டும். அதற்காகவே உலகம் முழுக்க 28 நாளைக்கு ஒருமுறை ஒரு பொது நாள் குறித்திருக்கிறார்கள். இந்த மாதிரி மாற்றங்கள் அந்த நாளில்தான் அமலுக்கு வரும். துருவத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற ஊர்களில் முள் ஒரேயடியாகத் தடுமாறுவதால், வட கனடாவின் ரெசல்யூட் போன்ற இடங்களில் காந்தத்தைக் கைவிட்டு, வரைபட வடக்கை வைத்தே எண் கொடுக்கிறார்கள்.

நம்மூருக்கு அந்தக் கவலை குறைவு. காந்தத் துருவங்கள் இரண்டுக்கும் வெகுதூரத்தில், காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். திருநெல்வேலியில் பூமிகாந்த ஆய்வுக்கூடம் வைத்திருப்பதே அந்தக் கோட்டுக்குப் பக்கத்து ஊர் என்பதால்தான். சென்னையில் இரண்டு வடக்குக்கும் நடுவே ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம்தான், அதுவும் ஆமை வேகத்தில் நகர்கிறது. 07 இன்னும் பல காலம் 07-ஆகவே இருக்கும்.

மணி ஒன்றரை. வேப்பமரத்தின் கிளைகள் இன்னும் கிழக்குப் பக்கமே சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. காற்று மேற்கிலிருந்துதான்.

ஏன் காற்றை எதிர்த்துத்தான் இறங்குகிறார்கள்? பட்டம் விட்ட எல்லோருக்கும் பாதி விடை தெரியும், எதிர்க்காற்றில்தான் பட்டம் ஏறும். மீதிப் பாதி பிரேக்கில் இருக்கிறது. விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது இறக்கையைத் தாண்டி ஓடுகிற காற்றின் வேகம். ஒரு சாதாரண நடுத்தர ஜெட் இறங்கும்போது அந்த வேகம் சுமார் 135 நாட் இருக்கலாம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். எதிரே 7 நாட் காற்று வந்தால், தரையைத் தொடும்போது தரைக்கு அது 128 நாட்தான். அதே 7 நாட் முதுகுப்பக்கமிருந்து தள்ளினால் 142. வித்தியாசம் 14 நாட்தானே என்று தோன்றும். ஆனால் நிறுத்த வேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. இரண்டையும் வர்க்கப்படுத்தி ஒப்பிட்டால் பிரேக் உறிஞ்ச வேண்டிய சக்தி ஏறக்குறைய கால் பங்கு கூடிவிடுகிறது. அதுவும் போக, பின்காற்று விமானத்தை இன்னும் கொஞ்சம் மிதக்கவிட்டு, தொடுகிற இடத்தையே முன்னால் தள்ளிவிடும். பாதை ஒரே நீளம்தான், மிச்சமிருக்கிற பாதை குறைந்துவிடும்.

இங்கே எனக்குச் சொல்லாமல் இருக்க முடியாத ஒரு சந்தோஷம் உண்டு. காற்றை அது போகிற திசையால் அழைக்காமல், வருகிற திசையால் அழைப்பதுதான் விமான உலகின் வழக்கம். தமிழ் அதைத்தான் காலங்காலமாகச் செய்துவந்திருக்கிறது! வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. இந்த மலையில் நின்று அதையே விமானப் பாஷையில் சொல்லலாம்: கோடை வீசினால் 25, கொண்டல் வீசினால் 07.

சார் தன் கைபேசியில் சென்னை விமான நிலையத்தின் வானிலைச் செய்தியைத் திறந்து காட்டினார். அரை மணிக்கு ஒருமுறை உலகுக்கே வெளியாவது. ஒரு மணிக்கு வந்த செய்தி இந்த வடிவில் இருந்தது:

```
VOMM 120730Z 26012KT 6000 FEW020 38/22 Q1002
```

முதல் நான்கு எழுத்து சென்னையின் அடையாளம். அடுத்தது 12-ம் தேதி, உலக நேரம் 7:30, நமக்குப் பிற்பகல் ஒரு மணி. அதற்கடுத்த துண்டுதான் நமக்கு வேண்டியது: 260 டிகிரியிலிருந்து 12 நாட் காற்று. ஓடுபாதை 250, காற்று 260. பத்தே டிகிரி வித்தியாசம், கிட்டத்தட்ட முழு எதிர்க்காற்று. கணக்கே தேவையில்லை, 25 சரி.

பிறகு 38/22. வெப்பம் 38 டிகிரி, பனிநிலை 22. "இந்த ரெண்டாவது நம்பர் மேல ஒரு கண்ணு வச்சுக்கங்க" என்றார் சார். "கடல்காத்து உள்ள வந்தா முதல்ல தாவுறது அதுதான்."

ஒன்று நாற்பத்தைந்து இருக்கும். ஒரு நிமிஷம் ஒன்றுமே அசையவில்லை. வேப்பமரம் அப்படியே நின்றது. கழுத்தில் வியர்வை இறங்கியது. அப்புறம், சொல்லி வைத்த மாதிரி, என் முதுகுப்பக்கமிருந்து ஒரு ஈரக் காற்று! துப்பட்டா முகத்துக்கு முன்னால் பறந்தது. வேப்பமரம் முழுசாக மறுபக்கம் சாய்ந்தது. கடல்காற்று! நான் கத்தியே விட்டேன். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது.

நிலம் சுட்டுக் கொதித்து அதன்மேல் காற்று எழும்ப, கடலின் குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்ப உள்ளே வருகிறது, பள்ளிக்கூடத்தில் படித்தது. ஆனால் அது ஒரு சுவர் மாதிரி, ஒரு முன்விளிம்போடு நகர்ந்து வருகிறது என்பதை இன்றுதான் உடம்பில் உணர்ந்தேன். கரையோரத்தை முதலில் தொட்டு, நுங்கம்பாக்கத்தைத் தொட்டு, பிறகுதான் உள்ளே இருக்கிற மீனம்பாக்கத்துக்கு வருகிறது. கோடை நாட்களில் செய்தியில் மீனம்பாக்கத்து வெப்பம் பெரும்பாலும் நுங்கம்பாக்கத்தைவிட ஒரு படி கூட இருப்பதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம். மேல்காற்று பலமாக இருக்கிற நாளில் கடல்காற்று நெடுநேரம் வெளியிலேயே தடுத்து நிறுத்தப்படும். அன்றைக்குத்தான் நமக்கு 40 டிகிரி.

மலையில் எங்களைத் தொட்ட காற்று ஓடுபாதைக்குப் போய்ச் சேர இன்னும் சில நிமிஷம் இருந்தது. அந்த இடைவெளியில் கோபுரத்தில் என்ன நடக்கும் என்று சார் சொல்லச் சொல்ல எனக்குச் சிலிர்த்தது.

கோபுரத்தில் இருக்கிறவர் பார்ப்பது, ஓடுபாதையோரம் 10 மீட்டர் கம்பத்தில் சுழலும் காற்றளவிகளின் எண்களை. வானிலைச் செய்தியில் வருவது பத்து நிமிஷ சராசரி. கோபுரம் விமானிக்குச் சொல்வது இரண்டு நிமிஷ சராசரி, அவ்வளவு புதுசு. கூடவே ஓடுபாதை முனைக்குப் பக்கத்தில் இருக்கிற காற்றுப்பை. ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட துணிக் கூம்பு அது. தொங்கினால் காற்றில்லை, விறைத்து நீட்டி நின்றால் சுமார் 15 நாட் இருக்கிறது என்று பொருள். இத்தனை மின்னணுவுக்கு நடுவில் அந்தத் துணிப்பையை இன்னும் யாரும் கழற்றவில்லை.

எல்லோரும் ஒரே மாதிரி கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன். "அப்ப யார்தான் முடிவு பண்றது, டவரா, பைலட்டா?"

"ரெண்டு பேரும்தான். எந்த ரன்வே ஓடுதுன்னு டவர் அறிவிக்கும். ஏன்னா வானத்துல ஒருத்தர் மட்டும் இல்ல, பின்னாடி பத்துப் பேர் வரிசையில வர்றாங்க. ஆனா தன்னோட ஃபிளைட்டுக்கு அது சரிப்படாதுன்னா பைலட் முடியாதுன்னு சொல்லலாம். வேற முனை கேக்கலாம். சுத்திக் காத்திருக்கச் சொல்லுவோம், ஆனா இறங்குன்னு கட்டாயப்படுத்த முடியாது. கடைசிப் பேச்சு கேப்டனோடது."

கேப்டன் அந்தப் பேச்சை எதை வைத்துப் பேசுகிறார்? எல்லை எண்கள் இருக்கின்றன. பெரும்பாலான பயணிகள் ஜெட்களுக்குப் பின்காற்று 10 நாட்டைத் தாண்டக் கூடாது, சிலவற்றுக்கு 15 வரை அனுமதி உண்டு. சத்தத்தைக் குறைப்பது போன்ற காரணத்துக்காகக் காற்றுக்கு மாறான ஓடுபாதையைக் கொடுப்பதாக இருந்தால், பின்காற்று 5 நாட்டுக்கும், குறுக்குக் காற்று 15 நாட்டுக்கும் மேல் போகும்போது அப்படிக் கொடுக்கக் கூடாது என்று சர்வதேச விதி சொல்கிறது. காற்று வெறும் இரண்டு மூன்று நாட் என்றால் எந்த முனையும் சரிதான், மற்ற வசதிகளைப் பார்த்துக் கோபுரம் தேர்ந்தெடுக்கும்.

காற்று சாய்வாக வந்தால் எவ்வளவு எதிர், எவ்வளவு குறுக்கு என்று பிரிக்க வேண்டும். கணினி சொல்லிவிடும், ஆனாலும் விமானிகள் மனசில் வைத்திருக்கிற ஒரு குறுக்குவழி இருக்கிறது, நம் வாய்ப்பாட்டிலிருந்து எடுத்த மாதிரியே இருக்கும். ஓடுபாதைக்கும் காற்றுக்கும் நடுவே 15 டிகிரி என்றால் குறுக்குக் காற்று கால் பங்கு, 30 என்றால் அரை, 45 என்றால் முக்கால், 60-ம் அதற்கு மேலும் என்றால் முழுசு. கடிகாரத்தில் நிமிஷ முள்ளைப் பார்க்கிற கணக்கேதான்!

இரண்டு மணிச் செய்தி வந்தது.

```
VOMM 120830Z 13014KT 6000 FEW020 35/26 Q1002
```

பனிநிலை 22-லிருந்து 26-க்குத் தாவிவிட்டது, வெப்பம் மூன்று டிகிரி இறங்கிவிட்டது. காற்று 130 டிகிரியிலிருந்து 14 நாட். நான் கையோடு கணக்குப் போட்டேன். ஓடுபாதை 07 என்றால் 70 டிகிரி, வித்தியாசம் 60. குறுக்குவழிப்படி குறுக்குக் காற்று முழு 14, சரியான கணக்கில் 12. எதிர்க்காற்று பாதி, 7. அதே காற்று 25-ல் இறங்குகிறவருக்கு 7 நாட் பின்காற்று. 10-க்குள் இருக்கிறது, 5-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே 25-ஐக் கைவிட வேண்டிய நேரம்.

"ஆனா சார், 12-ம் நம்பர் பாதை இருக்கே! 120, 130, பத்தே டிகிரி! காத்து அப்படியே நேரா வருது!" என் கண்டுபிடிப்பில் எனக்கே பெருமை.

அவர் தலையசைத்தார். காற்றை மட்டும் பார்த்தால் அதுதான் சிறந்தது. ஆனால் பெரிய பாதை 3.6 கிலோமீட்டருக்கு மேல், சின்னது 3 கிலோமீட்டருக்கும் குறைவு. அதுவும் பெரிய பாதையை வெட்டிக்கொண்டு போகிறது. அதில் ஒருவர் இறங்கும்போது மற்றதில் யாரும் ஓட முடியாது. பெரிய பாதையின் இரு முனைக்கும் ஐ.எல்.எஸ். என்ற ரேடியோ வழிகாட்டி இருக்கிறது. 12 நாட் குறுக்குக் காற்றை இன்றைய ஜெட்கள் லேசாகத் தாங்கும், 30 நாட்டுக்கும் மேல் தாங்குகிறவை உண்டு. ஆகவே காற்றுக்கு மிக நேரான பாதை எப்போதும் மிகச் சரியான பாதை ஆகிவிடாது. ஒரு பக்கத்து 12 நாட்டைச் சகித்துக்கொண்டு, நீளத்தையும் வழிகாட்டியையும் வரிசையையும் எடுத்துக்கொள்கிறார்கள். சென்னை இன்று 07-ஐத் தேர்ந்தெடுத்தது.

கீழே நாடகம் தொடங்கியது. கடல் பக்கமிருந்து கடைசியாக ஒரு விமானம் வந்து இறங்கியது. அப்புறம் வானம் காலி. கைபேசியில் விமானங்களைக் காட்டும் வரைபடத்தைத் திறந்தால், ஊருக்கு மேலே நேராக வந்துகொண்டிருந்த இரண்டு மஞ்சள் விமானங்கள் திடீரென்று வளைந்து, வடக்குப் பக்கமாக ஊரைச் சுற்றி மேற்கே போகத் தொடங்கின. கடைசியாக 25-ல் யார், முதலாவதாக 07-ல் யார் என்று கோபுரமும் ராடார் அறையும் பேசி முடித்திருக்கும். 25-க்கான ஐ.எல்.எஸ். சமிக்ஞையை நிறுத்திவிட்டு 07-க்கானதை ஏற்றுவார்கள். எதிரெதிர் முனை இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பாதபடி பூட்டு இருக்கும். தானியங்கி வானிலை அறிவிப்பில் புது எழுத்தோடு புதுச் செய்தி போகும். அந்தப் பக்கம் விமானி அறையில் புது வரைபடம், கணினியில் புது அணுகுவழி, இறங்கும் தூரத்துக்குப் புதுக் கணக்கு, ஒருவருக்கொருவர் மறுபடி வாய்விட்டு ஒப்பித்தல்.

மலைப்பக்க முனைக்கு வந்து கிளம்பக் காத்திருந்த ஒரு விமானம் மெதுவாகத் திரும்பி, மறுமுனையை நோக்கி ஊர்ந்து போனது. உள்ளே இருக்கிறவர்கள் "என்னடா இது, வந்த வழியே போகுது" என்று ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். அவர்களுக்குக் கையசைத்து, "கடல்காத்து வந்துடுச்சு!" என்று சொல்லத் தோன்றியது.

சார் இந்த நேரத்தில் கொஞ்சம் சீரியஸாகிவிட்டார். "வெளிய இருந்து பார்க்க வேடிக்கையா இருக்கும்மா. உள்ள இருக்கறவருக்கு இந்தப் பத்து நிமிஷம் லேசு இல்ல." காரணம், கடல்காற்று தரையோடு மட்டும் வருவது. சில நூறு மீட்டர் உயரம்தான், அதிகம் போனால் ஒரு கிலோமீட்டர். அதற்கு மேலே அதே பழைய மேல்காற்று பலமாக அடித்துக்கொண்டே இருக்கும். 07-க்கு மேற்கிலிருந்து வருகிறவரை உயரத்தில் அந்தக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். இறங்கவும் வேண்டும், வேகத்தைக் குறைக்கவும் வேண்டும். சைக்கிளில் பாலத்துச் சரிவில் இறங்கும்போது பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால் எப்படி இருக்கும், அப்படி. பிறகு கீழே வந்து கடல்காற்றுக்குள் நுழைந்த நொடியில் அதே காற்று எதிரே மோதும். வேகமானியின் முள் மேலே குதிக்கும், விமானம் இறங்க மாட்டேன் என்று மிதக்கும். சுமார் 1,000 அடி உயரத்துக்கு வரும்போது வேகமும் சரிவும் சக்கரமும் எல்லாம் சரியாகக் கட்டுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட்டு மேலே ஏறிச் சுற்றிவர வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. தரைக்குப் பக்கத்தில் வந்த விமானம் திடீரென்று உறுமிக்கொண்டு மேலே ஏறினால் பயணிகள் பயந்துவிடுகிறார்கள். எனக்கு இப்போது அது விமானி சரியான முடிவெடுத்த சத்தமாகக் கேட்கிறது.

அந்த முடிவு எடுக்கப்படாத நாள் ஒன்றை அவர் நினைவுபடுத்தினார். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. மழை இரவு. துபாயிலிருந்து வந்த போயிங் 737 முதலில் ஓடுபாதை 28-ல் இறங்க முயன்று மேலே ஏறிவிட்டது. இரண்டாவது முறை மறுமுனையான 10-ல் வந்தது. அந்தத் திசையில் வலுவான பின்காற்று இருந்தது, பாதை ஈரமாக இருந்தது. 8,858 அடிப் பாதையில், தொடக்கத்திலிருந்து 4,438 அடி தள்ளித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. பாதி பாதை முடிந்தே போயிருந்தது. மேட்டின் மேல் அமைந்த அந்தப் பாதையின் முனையைத் தாண்டி விமானம் கீழே விழுந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை, நிலைப்படாத அணுகலைத் தொடர்ந்ததையும், தொட வேண்டிய பகுதியைத் தாண்டி இறங்கியதையும், மேலே ஏறாமல் விட்டதையும் காரணமாகச் சொன்னது. மலைமேல் நின்று போட்ட என் 7 நாட் கணக்கு அந்த நேரத்தில் வேறு மாதிரி கனத்தது.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

மணி இரண்டு இருபது. மேற்கே, ஓடுபாதையின் அந்தக் கோடியில், கானலுக்குள் இரண்டு வெள்ளை விளக்குகள் தெரிந்தன. நடுங்கின, பெரிதாயின. முதல் விமானம் 07-ல் ஓடத் தொடங்கியிருக்கிறது, நேராக எங்களை நோக்கி! கடல்காற்று முகத்தில் மோதியபடி மூக்கைத் தூக்கி, பாதை முடிய வெகுநேரம் இருக்கும்போதே தரையை விட்டது. சக்கரங்கள் மடங்குவதைப் பார்த்தேன். மலையை இடப்புறம் விட்டு எங்கள் தலைக்கு மேல் உயரத்தில் கடந்து, ஊரைத் தாண்டிக் கடலின் மேல் வளைந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் இதே இடத்தில் எதிர்ப்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ராத்திரிக்கு நிலம் ஆறிடும், காத்து விழுந்திடும். விடியக்காலையில மறுபடி மேல்காத்து" என்று சார் படியிறங்கத் தொடங்கினார். "நாளைக்கு காலையில வந்தீங்கன்னா டூ ஃபைவ்தான் ஓடும்."

கானலில் இன்னொரு ஜோடி விளக்கு தெரிந்தது. அடுத்தவர்.